விடுதிப் பிள்ளைகளைப் பேட்டி எடுப்பதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்?

*கோவையில எம்.எஸ்.டபிள்யூ. ரெண்டாம் வருஷம் படிக்கிறேன். சொந்த ஊர் கூடலூர் பக்கம். பழங்குடிப் பிள்ளைங்க பத்தாவது முடிக்கறதுக்குள்ளயே ஏன் படிப்பை விடறாங்கன்னு புராஜெக்ட். உண்டு உறைவிடப் பள்ளியில படிக்கிற 12 பேர் (13லிருந்து 17 வயசு), படிப்பை விட்ட 4 பேர், அதே மாதிரி விடுதியில இருந்து வந்த என் கிளாஸ்மேட்ஸ் 3 பேர், இவங்களைப் பேட்டி எடுக்கணும். ஹெட்மாஸ்டர் சரின்னு சொல்லிட்டார். அது போதுமா?*

போதாது. தலைமை ஆசிரியர் தந்திருப்பது பள்ளி வளாகத்துக்குள் நுழைவதற்கான அனுமதி மட்டுமே. பிள்ளை சார்பாக ஒப்புதல் தரும் உரிமை அவருக்கு இல்லை. உங்களுக்குத் தேவை நான்கு தனித்தனி சம்மதங்கள்: உங்கள் கல்லூரியின் நெறிமுறைக் குழு, பள்ளியை நடத்தும் துறை, பெற்றோர், கடைசியாக அந்தப் பிள்ளை. இதில் ஒன்று இன்னொன்றுக்கு ஈடாகாது. பெற்றோர் கையெழுத்துப் போட்ட பிறகும் பிள்ளை வேண்டாம் என்றால் பேட்டி கிடையாது. பிள்ளை ஆசையாக வந்தாலும் பெற்றோருக்கு விஷயம் போய்ச் சேரவில்லை என்றால் அப்போதும் கிடையாது.

முதலில் கேள்வித்தாளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கேள்விக்கும் எதிரே, அதன் பதில் அறிக்கையின் எந்த அத்தியாயத்தில் எதற்குப் பயன்படும் என்று எழுதுங்கள். எழுத முடியாத கேள்வியை அடித்துவிடுங்கள். "அப்பா குடிப்பாரா?", "வீட்டில் அடிப்பார்களா?" போன்றவை பெரும்பாலும் இங்கேயே விழுந்துவிடும். உங்கள் தலைப்புக்கு அவை இல்லாமலே பதில் கிடைக்கும். மிஞ்சிய கேள்விகளையும் முடிந்தவரை பிள்ளையின் சொந்தக் கதையிலிருந்து விலக்கிக் கேளுங்கள். "நீ ஏன் மூணு மாசம் வரல?" என்பதற்குப் பதிலாக, "இந்தப் பக்கம் பிள்ளைங்க லீவுக்கு வீட்டுக்குப் போனா திரும்பி வராம போறது எதனால?" என்று கேட்டால், தன்னைப் பற்றிச் சொல்வதா வேண்டாமா என்பதைப் பிள்ளையே முடிவு செய்துகொள்ளும்.

நீலகிரியில் இந்தத் தலைப்பை எடுப்பவர்கள் சேர்க்க நினைக்கும் கேள்வி ஒன்று உண்டு: பரம்பரையாக வரும் அரிவாள் செல் இரத்தசோகை. இங்குள்ள பழங்குடியினரிடையே அது இருப்பது தெரிந்த விஷயம். உடம்பு முடியாமல் பள்ளிக்கு வராதவர்களும் இருப்பார்கள். ஆனால் "உனக்கு அது இருக்கா?" என்று கேட்ட மறுகணமே உங்கள் புராஜெக்ட் உடல்நலத் தகவல் திரட்டும் ஆய்வாகிவிடுகிறது. அதற்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி முறையாக அமைந்த நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். துறைத் தலைவர் கையெழுத்து போதாது. அதோடு, இந்தத் தகவல் வெளியே கசிந்தால் நாளைக்கு அந்தப் பெண்ணின் கல்யாணப் பேச்சுவரை போய் நிற்கும். உங்கள் தலைப்புக்கு இது இன்றியமையாதது இல்லை என்பதால், எடுத்துவிடுங்கள் என்றே சொல்வேன்.

நெறிமுறைக் குழுவைப் பொறுத்தவரை ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள். ஒப்புதல் வந்த பிறகுதான் முதல் பேட்டி. எடுத்து முடித்துவிட்டு முன்தேதியிட்டு ஒப்புதல் வாங்க வழியே இல்லை. உங்கள் கல்லூரியில் குழு இல்லையென்றால், வழிகாட்டியிடம் சொல்லிப் பல்கலைக்கழகத்திலோ வேறு நிறுவனத்திலோ உள்ள குழுவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். 18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள், அதிலும் பழங்குடியினர், அதிலும் விடுதியில் இருப்பவர்கள் என்பதால் விண்ணப்பம் முழுக் குழுவின் பார்வைக்குப் போகும் என்றே எதிர்பார்த்து நாட்களை ஒதுக்குங்கள். பள்ளிக்கான எழுத்துபூர்வ அனுமதியை ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறையின் மாவட்ட அலுவலகத்தில் கேட்க வேண்டும். படிப்பை விட்ட நான்கு பேரின் குடியிருப்பு முதுமலைக் காப்பகத்துக்குள் இருந்தால் வனத்துறையிடமும் கேட்க வேண்டியிருக்கும்.

இனி பெற்றோர். பெரும்பாலான புராஜெக்ட்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். வழக்கமாக நடப்பது என்னவென்றால், படிவத்தைக் கட்டாகப் பள்ளியில் கொடுத்துவிடுவார்கள். அது பிள்ளைகள் கையில் வீட்டுக்குப் போகும். ஒரு வாரத்தில் 12 படிவமும் கையெழுத்தோடு திரும்பி வரும். அந்தக் கட்டை உட்கார்ந்து கவனமாகப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே நீல மை, ஒரே தேதி, "அ"வின் சுழி ஒரே மாதிரி இருந்தால் விடுதியிலேயே உட்கார்ந்து போட்டிருக்கிறார்கள். கைநாட்டு இருக்கிறது, ஆனால் சாட்சி இடம் காலியாக இருக்கிறது என்றால் யார் விரல் என்றே தெரியாது. இப்படிப்பட்ட படிவங்களை ஒதுக்கி வைத்துவிட்டு நேரில் போவதைத் தவிர வேறு வழியில்லை.

நேரில் போவதற்கும் கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஒரு கணக்கு உண்டு. வார நாளில் காலையிலேயே கொழுந்து பறிக்கப் போய்விடுவார்கள். அந்த நேரத்தில் அவர்களை நிறுத்தி வைத்தால் அன்றைய கூலியில் கை வைக்கிறீர்கள். இருட்டிய பிறகு யானை நடமாட்டம் இருக்கும். உங்களுக்கும் ஆபத்து, உங்களை வழியனுப்ப வருபவருக்கும் ஆபத்து. ஞாயிற்றுக்கிழமை பகல்தான் சரியான நேரம். முதலில் ஊர்ப் பெரியவரைப் பார்த்து வந்த காரியத்தைச் சொல்லுங்கள். அவர் சரி என்றால் வீடு வீடாகப் போகலாம் என்று அர்த்தம். அதற்காக ஊரே சம்மதித்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

பணியர் பழங்குடிக் குடும்பங்களில் வீட்டுமொழி வேறு. கடையிலும் எஸ்டேட்டிலும் தமிழோ மலையாளமோ பேசுவார்கள். அதனால் "ஆய்வில் பங்கேற்கத் தன்னார்வத்துடன் இசைகிறேன்" என்று நீங்கள் வாசித்தால் தலையாட்டுவார்கள். எதுவும் போய்ச் சேர்ந்திருக்காது. படிவம் ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது, உரக்கப் படித்தால் ஐந்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும், பேச்சுத் தமிழில் இருக்க வேண்டும். அதே சமூகத்தைச் சேர்ந்த, அந்தக் குடும்பத்துக்குக் கடன் கொடுக்காத, மேஸ்திரி வேலை பார்க்காத ஒருவரை மொழிபெயர்த்துச் சொல்லக் கூட்டிப் போங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்கும்போது, படித்துக் காட்டியதைக் கூடவே இருந்து கேட்ட ஒரு சாட்சி கையெழுத்துப் போட வேண்டும். அந்தச் சாட்சி பள்ளி ஆசிரியராகவோ விடுதிக் காப்பாளராகவோ இருக்கக் கூடாது. அவர்கள் எதிரே உட்கார்ந்திருக்கும்போது எந்தத் தாயும் "எம் புள்ளய வேண்டாம்" என்று சொல்லமாட்டாள்.

சொன்னது புரிந்ததா என்று தெரிந்துகொள்ள "புரிஞ்சுதா?" என்று கேட்பதில் பயனில்லை. எல்லாரும் "ஆமா" என்பார்கள். மூன்று விஷயங்களைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள்: எதைப் பற்றிப் பேசப்போகிறோம், நடுவில் நிறுத்தலாமா, சொன்னதை யார் யார் கேட்பார்கள். "நீங்க பள்ளிக்கூடத்துல இருந்து வந்திருக்கீங்க, உதவித்தொகை எழுத வந்திருக்கீங்க" என்று பதில் வந்தால், அவர்கள் இன்னும் உங்கள் ஆய்வுக்குச் சம்மதிக்கவில்லை, உதவித்தொகைக்குத்தான் சம்மதித்திருக்கிறார்கள். மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டும். பேட்டி தந்தாலும் தராவிட்டாலும் விடுதி இடமோ, சாதிச் சான்றிதழோ, உதவித்தொகையோ ஒன்றும் மாறாது என்பதை வெளிப்படையாகச் சொல்லுங்கள். மலையில் அதிகாரியைப் போல உடுத்தி, பையோடும் காகிதத்தோடும் வருகிற எவரையும் சலுகையோடு முடிச்சுப்போட்டுப் பார்ப்பது இயல்பு.

அடுத்தது பிள்ளை. மேலே சொன்ன 2017 நெறிமுறைகள் 7 வயதுக்கு மேல் பிள்ளையின் இசைவைக் கேட்கச் சொல்கின்றன. சிறு பிள்ளைகளிடம் வாய்மொழியாகவும், 12 வயது தாண்டியவர்களிடம் எளிய படிவத்தில் எழுத்தாகவும் வாங்க வேண்டும். உங்கள் 12 பேரும் எழுத்து இசைவு தர வேண்டியவர்களே. படிவம் எளிதில் கிடைத்துவிடும். "மாட்டேன்" என்று சொல்லும் வழியைப் பிள்ளைக்கு உண்டாக்கித் தருவதுதான் கடினம். விடுதியில் வளரும் பிள்ளை மணி அடித்தால் எழுந்து, மணி அடித்தால் சாப்பிட்டு, பெரியவர் கூப்பிட்டால் "எஸ் சார்" என்று வந்து நிற்கப் பழகியது. அதனிடம் "விருப்பம் இருந்தா மட்டும் வா" என்பதை ஒரு வாக்கியமாகச் சொல்லி முடித்துவிட முடியாது.

இதற்குச் சில ஏற்பாடுகள் வேண்டும். பேட்டி கொடுக்கப்போகும் பிள்ளைகளைக் காப்பாளர் தேர்ந்தெடுக்க விடாதீர்கள். அவர் அடக்கமான, நன்றாகப் பேசுகிற பிள்ளைகளைத்தான் அனுப்புவார். உங்கள் ஆய்வும் கெடும். குறிப்பிட்ட வகுப்பில் எல்லாரையும் உட்காரவைத்து ஒருமுறை விளக்குங்கள். அன்றைக்கே பேட்டி எடுக்காதீர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுச் சீட்டு கொடுத்து, பெயரோடு "சரி" அல்லது "வேண்டாம்" என்று எழுதி மடித்துப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். எல்லாரும் போடுவதால் யார் மறுத்தார்கள் என்று பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாது. பெட்டியை நீங்கள் மட்டும் திறக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் கழித்துப் போகும்போது மனம் மாறியவர்களுக்கும் இடம் இருக்கும். பிஸ்கட் வாங்கிப் போனால் அந்த வகுப்பு முழுவதற்கும் வாங்குங்கள். பேட்டி கொடுத்தவருக்கு மட்டும் பேனாவோ பணமோ கொடுத்தால், மறுத்தவன் தோற்றுப்போனதாக ஆகிவிடும்.

உட்கார்ந்த பிறகும் ஒரு ஒத்திகை பாருங்கள். "நான் இப்ப ஒரு கேள்வி கேப்பேன். அதுக்குப் பதில் சொல்லாதே, 'அடுத்தது'ன்னு மட்டும் சொல்லு" என்று சொல்லிவிட்டு, "நேத்து ராத்திரி என்ன சாப்பாடு?" என்று கேளுங்கள். பிள்ளை சிரித்துக்கொண்டே "அடுத்தது" என்று சொல்லும். ஒருமுறை வாயால் சொல்லிப் பார்த்துவிட்டால், பிறகு நிஜமாகவே தேவைப்படும்போது அந்தச் சொல் வரும். அப்படியும் சில பிள்ளைகள் சொல்லாது. தொடர்ந்து "தெரியல", "சும்மாதான்" என்று வந்தாலோ, கண் வாசல் பக்கமே போனாலோ, சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தாலோ அதையே மறுப்பாக எடுத்துக்கொண்டு நிறுத்திவிடுங்கள். காரணம் கேட்காதீர்கள். முழுப் பேட்டியும் 30 நிமிடத்துக்குள் இருக்கட்டும்.

இடம் எப்படி இருக்க வேண்டும் என்றால், எல்லார் கண்ணிலும் பட வேண்டும், யார் காதிலும் விழக் கூடாது. வராந்தாவின் கடைக்கோடி, மைதானத்து ஓரத்து மரத்தடி. கதவைச் சாத்திய அறை கூடாது. காப்பாளர் அறையும் கூடாது. பெண் பிள்ளைகளிடம் பெண் ஒருவர் பேசுவது நல்லது. நீங்கள் ஆண் என்றால் வகுப்புத் தோழி ஒருவரை இதற்குப் பழக்குங்கள், அவர் பெயரையும் விண்ணப்பத்தில் சேருங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கூடலூர்ப் பக்கம் பேட்டி வைக்காமல் இருப்பது நல்லது. தகரக் கூரையில் மழை அடிக்கும்போது நீங்களும் கத்த வேண்டும், பிள்ளையும் கத்த வேண்டும். அடுத்த அறைவரை கேட்கும். பதிவிலோ மழை மட்டும்தான் இருக்கும்.

இப்போது மிக முக்கியமான ஒன்று. "நீ சொல்றது எதையும் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். உங்களால் அதைக் காப்பாற்ற முடியாது. போக்சோ சட்டம், 2012இன் 19ஆம் பிரிவுப்படி, 18 வயதுக்குக் கீழே உள்ள ஒருவர் பாலியல் குற்றத்துக்கு ஆளானது தெரியவந்தாலோ, ஆளாகக்கூடும் என்று அஞ்ச இடமிருந்தாலோ, அதைச் சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் நிலையத்துக்கோ தெரிவிக்க வேண்டும். மாணவருக்கும் ஆய்வாளருக்கும் இதில் விலக்கு இல்லை. தெரிவிக்காமல் இருந்தால் ஆறு மாதம்வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ. ஆகவே பேட்டிக்கு முன்பே சொல்லிவிடுங்கள்: "நீ சொல்றதை உன் பேர் இல்லாமதான் எழுதுவேன். ஆனா உனக்கோ வேற ஒரு பிள்ளைக்கோ யாராவது கெடுதல் பண்றாங்கன்னு தெரிஞ்சா, அதை நான் மறைச்சு வைக்க முடியாது. உதவி பண்றவங்ககிட்ட சொல்லியே ஆகணும்."

உங்கள் தலைப்பில் இது நடக்காத விஷயம் இல்லை. படிப்பை விட்ட நான்கு பேரில் ஒரு பெண்ணுக்கு வயது 16, இடுப்பில் குழந்தை என்று வையுங்கள். அவளாக விரும்பிப் போய்ச் சேர்ந்து வாழ்ந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவள் குழந்தைதான். "ஏன் படிப்பை விட்டே?" என்ற உங்கள் முதல் கேள்விக்கு அவள் தரும் நேர்மையான பதிலே, அவள் கணவன்மேல் வழக்காக முடியலாம். அவளுக்கு அது தெரியாமல் அந்தக் கேள்வியைக் கேட்பது நியாயமே இல்லை. இதற்கு நான் சொல்லும் வழி: படிப்பை விட்டவர்கள் பிரிவில் 18 நிறைந்து, சில வருடங்களுக்கு முன் படிப்பை விட்டவர்களை மட்டும் சேருங்கள். காரணங்கள் ஒன்றும் குறைந்துவிடாது. பெரியவர்கள் என்பதால் தங்களுக்காகத் தாங்களே சம்மதமும் தரலாம். அப்போதும் 18க்குமுன் நடந்ததைச் சொன்னால் என்ன செய்வது என்பதை வழிகாட்டியோடு பேசி, எழுதி, குழுவிடம் ஒப்புதல் வாங்கி வையுங்கள்.

பேட்டியில் பிள்ளை எதையாவது சொல்லிவிட்டால் துருவிக் கேட்காதீர்கள். "யாரு, எப்ப, எத்தனை தடவை" என்பதெல்லாம் விசாரிப்பவர்கள் வேலை. நீங்கள் கேட்டால் பின்னால் சாட்சியமே குழம்பும். "என்கிட்ட சொன்னது நல்லது, இதுல உன் தப்பு எதுவும் இல்ல" என்று சொல்லி, ஆய்வுக் கேள்விகளை அங்கேயே நிறுத்துங்கள். பிள்ளை சொன்ன அதே வார்த்தைகளில், நேரத்தோடு குறித்து வையுங்கள். அன்றைக்கே வழிகாட்டியிடம் சொல்லி, குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைத்து, காவல்துறைக்குத் தெரிவியுங்கள். விடுதிக்குள் யாரிடமும் முதலில் போய்ச் சொல்லாதீர்கள். குற்றம் சாட்டப்படுபவர் அங்கேயே இருக்கக்கூடும்.

வகுப்புத் தோழர்கள் மூன்று பேருக்கு வருகிறேன். இவர்களைப் பற்றிப் பொதுவாக யாரும் கவலைப்படுவதில்லை. ஆனால் உங்களோடு தினமும் சாப்பிடுகிறவர், உங்கள் நோட்ஸை வாங்கிப் படிக்கிறவர், உங்களிடம் மறுப்பது காப்பாளரிடம் மறுப்பதைவிடக் கஷ்டம். அதுவும் வகுப்பிலேயே மூன்று பேர்தான் என்றால் பெயரை மறைத்துப் பயனே இல்லை; வைவாவில் உட்கார்ந்திருக்கும் எல்லாருக்கும் தெரியும். உங்கள் வகுப்பை விட்டுவிட்டு வேறு கல்லூரிகளில் படிக்கும் முன்னாள் விடுதி மாணவர்களைத் தேடுங்கள். அறிவிப்பை ஒரு பொதுவான இடத்தில் போட்டு, விரும்பியவர் அவராகவே உங்களை அழைக்கட்டும். வாட்ஸ்அப் குரூப்பில் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள். இளங்கலை முதலாமாண்டு மாணவர்கள் பலருக்கு இன்னும் 17தான் என்பதால் பிறந்த தேதியைக் கேட்டுவிடுங்கள். 18 ஆகவில்லை என்றால் அவர்களுக்கும் பெற்றோர் ஒப்புதல் வேண்டும். கூகுள் ஃபார்ம் அனுப்புவதாக இருந்தால் Settings பகுதியில் Collect email addresses என்பது Do not collect என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்புங்கள். அப்படி இல்லாவிட்டால், "பெயர் தேவையில்லை" என்று மேலே எழுதிவிட்டுக் கீழே மின்னஞ்சல் முகவரியை வாங்கிக்கொண்டிருப்பீர்கள்.

பதிவு செய்யும் போனில் தானாக மேகச் சேமிப்புக்குப் போகும் வசதியை முதலில் அணைத்துவிடுங்கள். கோப்பின் பெயர் S07 என்பதோடு நிற்கட்டும். ஊர் எழுத்தும் பெயரின் முதலெழுத்தும் சேர்ந்தால் அதுவே அடையாளம். எந்தக் குறியீடு யாருடையது என்ற பட்டியல் ஒரே ஒரு தாளில், வழிகாட்டியின் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். எழுத்தாக்கி முடித்ததும் குரல் பதிவை அழித்துவிடலாம். எப்போது அழிப்பீர்கள் என்பதை ஒப்புதல் படிவத்திலேயே சொல்லியிருக்க வேண்டும்.

அறிக்கை எழுதும்போது மலைப்பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் வரும். சமூகங்கள் சிறியவை. 2011 கணக்கெடுப்பில் தோடர்கள் சுமார் 2,000 பேர்தான். "பந்தலூர் அருகே ஒரு காட்டுநாயக்கர் குடியிருப்பில் பத்தாவது முடித்த ஒரே பெண், வயது 17" என்று எழுதினால், பெயரைத் தவிர எல்லாவற்றையும் எழுதிவிட்டீர்கள். குடியிருப்பு, சமூகம், வகுப்பு, வயது இவற்றில் இரண்டுக்கு மேல் ஒரே வாக்கியத்தில் வராமல் பாருங்கள். அட்டவணையில் ஐந்துக்குக் குறைவான எண் வரும் கட்டங்களை ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். மேற்கோளில் வரும் தனித்த நிகழ்ச்சிகளையும் பாருங்கள்: "யானை வந்து எங்க வீட்டை இடிச்ச வருஷம்" என்பது ஊரார் எல்லாருக்கும் தெரிந்த வீடு.

அறிக்கையின் உள்ளே இத்தனை கவனமாக இருந்துவிட்டு, முகப்பிலும் கடைசியிலும் கோட்டைவிடுகிறவர்கள் நிறையப் பேர். நன்றியுரையில் பள்ளியின் பெயரும் தலைமை ஆசிரியர் பெயரும் இருக்கும். அட்டையில் பிள்ளைகளின் குழுப்படம் இருக்கும். பின்னிணைப்பில் "மாதிரி" என்று சொல்லி, கையெழுத்துப் போட்ட ஒப்புதல் படிவமே ஸ்கேன் ஆகி இருக்கும். துறை தந்த அனுமதிக் கடிதத்தில் பள்ளியின் பெயர் இருக்கும். பின்னிணைப்பில் வெற்றுப் படிவத்தை மட்டும் வையுங்கள். அனுமதிக் கடிதத்தில் பள்ளியின் பெயரை மறைத்து நகலெடுங்கள். அசலைத் தேர்வாளர் கேட்டால் வைவா அன்று நேரில் காட்டுங்கள். நன்றியுரையில் "கூடலூர் வட்டத்தில் உதவிய பள்ளியினருக்கு" என்று எழுதினால் போதும்.